ஆடித் தள்ளுபடியை நிறுத்தலாமா? ஒரு ஜவுளிக்கடைக்காரரின் கேள்வி

வாசகர் கடிதம்

ஐயா, தென் மாவட்டத்தில் ஒரு நகராட்சி ஊரில் அப்பா 1988ல் ஆரம்பித்த ஜவுளிக்கடையை நானும் தம்பியும் நடத்துகிறோம். ஏழு பேர் வேலை பார்க்கிறார்கள். வருட விற்பனை சுமார் 2 கோடியே 10 லட்சம். இரண்டு வருடத்துக்கு முன் 25 கிலோமீட்டர் தள்ளி ஒரு பெரிய கடையின் கிளை வந்தது. அதற்குப் பிறகு ஆடிக்கு 20 சதவீதம், மாதம் ஒண்ணு முதல் மூணு தேதி வரை 10 சதவீதம், தீபாவளிக்கு மூவாயிரத்துக்கு மேல் பில் போட்டால் 10 சதவீதமும் எவர்சில்வர் டப்பாவும், பொங்கலுக்கு 10 சதவீதம் என்று கொடுத்து வருகிறோம். விளம்பரத்துக்கு வருடம் 6 லட்சம் செலவு. விற்பனை குறையவில்லை, ஆனால் கையில் காசு நிற்பதில்லை.

எம்.பி.ஏ. முடித்த என் மகள், "பிராண்டுக்கு 60, ஆஃபருக்கு 40 என்று பிரிக்கணும், ஆஃபரை எல்லாம் நிறுத்துங்கப்பா" என்கிறாள். தம்பி, "ஆஃபரை நிறுத்தினா ஈ ஓட்ட வேண்டியதுதான். விலையை ஏத்தி ஒட்டிட்டு 50 சதவீதம்னு போடுவோம், தீபாவளிக்குக் குலுக்கல்ல பைக் விடுவோம்" என்கிறான். எங்கள் கடையில் ரவிக்கைத் துணி மேட்சிங்குக்குப் பக்கத்து ஊர்களிலிருந்தும் வருவார்கள். தம்பிக்கு அது சின்ன பில், தலைவலி. வரும் வருடத்துக்கு எப்படித் திட்டம் போடுவது? இரண்டு வருட பில் சுருக்கத்தை இணைத்திருக்கிறேன்.

பதில்

வணக்கம். பில் சுருக்கத்தைச் சேர்த்து அனுப்பியதற்கு முதலில் நன்றி. இப்படிக் கேட்பவர்களில் பெரும்பாலோர் "விற்பனை இவ்வளவு, விளம்பரம் இவ்வளவு" என்று இரண்டு எண்ணோடு நிறுத்திவிடுவார்கள். நீங்கள் அனுப்பிய தாள்களில் "டிஸ்கவுண்ட்" என்று ஒரு பத்தி இருக்கிறது. அதைக் கூட்டிப் பார்த்திருக்கிறீர்களா? உங்கள் கடிதத்தில் அந்தத் தொகை இல்லாததால், பார்க்கவில்லை என்றே நினைக்கிறேன். நான் கூட்டிப் பார்த்தேன். போன வருடம் 13 லட்சத்து 40 ஆயிரம்.

தள்ளுபடியும் விளம்பரச் செலவுதான்

விளம்பரத்துக்கு 6 லட்சம் என்று எழுதியிருக்கிறீர்கள். உண்மையில் நீங்கள் செலவழித்தது 19 லட்சத்து 40 ஆயிரம். தள்ளுபடி பில்லிலேயே கழிந்துவிடுவதால் யாருக்கும் செக் எழுதுவதில்லை, அதனால் செலவு மாதிரியே தோன்றுவதில்லை. ஆட்டோவில் மைக் கட்டியவருக்கு ஐயாயிரம் எடுத்துக் கொடுக்கும்போது கை கூசுகிறது. ஆடி ஞாயிறு ஒன்றில் கவுண்டரில் முப்பதாயிரம் கழிந்து போவது கண்ணில் படுவதில்லை.

தள்ளுபடியில் ஆடிக்கு 6 லட்சம், தீபாவளிக்கு 3.5 லட்சம், ஒண்ணாம் தேதி ஆஃபருக்கு 2.7 லட்சம், பொங்கலுக்கு 1.2 லட்சம் போயிருக்கிறது. விளம்பரம் என்று நீங்கள் சொல்லும் 6 லட்சத்திலும் ஃபிளெக்ஸ், ஆட்டோ, நோட்டீஸ், லோக்கல் கேபிள், ஃபேஸ்புக் எல்லாம் "இத்தனை சதவீதம் தள்ளுபடி" என்பதை மட்டுமே சொல்கின்றன. டப்பா 1.8 லட்சமும் ஆஃபர்தான். எந்தத் தள்ளுபடியும் சொல்லாமல் கடையின் பெயரை மட்டும் வீட்டுக்குள் கொண்டுபோகிற செலவு காலண்டரும் பையும் சேர்ந்து 90 ஆயிரம். மொத்தச் செலவில் நூற்றுக்கு ஐந்து ரூபாய்கூட வரவில்லை.

உங்கள் மகள் சொல்லும் 60:40 அவராகச் சொன்னதில்லை. லெஸ் பினே, பீட்டர் ஃபீல்ட் என்ற இரண்டு பிரிட்டிஷ் ஆய்வாளர்கள், அங்குள்ள விளம்பர நிறுவனங்களின் அமைப்பு நடத்தும் விருதுப் போட்டிக்கு வந்த விளம்பரங்களின் விவரங்களை ஆராய்ந்து 2013ல் சொன்ன விகிதம் அது. விற்பனையை உடனே தூண்டும் வேலையின் பலன் சட்டென்று ஏறி சட்டென்று இறங்கும், பெயரை வளர்க்கும் வேலையின் பலன் மெதுவாகச் சேர்ந்துகொண்டே போகும், இரண்டும் வேண்டும் என்பது அவர்களின் முடிவு. ஆனால் அவர்கள் பார்த்தது பெரும்பாலும் பெரிய விளம்பரதாரர்களை. 60:40 என்பதும் சராசரிதான், தொழிலுக்குத் தொழில் மாறும் என்று அவர்களே சொல்கிறார்கள். ஐந்து சதவீதத்தில் நிற்கிற ஒரு கடையை ஒரே வருடத்தில் அறுபதுக்குத் தள்ளு என்று அதில் எங்கும் இல்லை.

அப்படித் தள்ளினால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவில் பெரிய உதாரணம் உண்டு. ஜேசி பென்னி அங்கே பல நூறு கிளைகள் கொண்ட பழைய துணிக்கடை. ஆப்பிள் நிறுவனத்தின் கடைகளை நடத்திப் பெயர் வாங்கிய ரான் ஜான்சன் அதன் தலைவராக வந்து, 2012 தொடக்கத்தில் கூப்பன், தள்ளுபடி எல்லாவற்றையும் ஒரேயடியாக நிறுத்தி "எப்போதும் நியாய விலை" என்று மாற்றினார். அந்த ஒரே வருடத்தில் விற்பனை கால்பங்கு விழுந்தது. 2013 ஏப்ரலில் அவர் வெளியேற்றப்பட்டார், கூப்பன்கள் திரும்பி வந்தன. விலை நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் பல வருடமாகக் கூப்பனோடு வரப் பழக்கிய வாடிக்கையாளருக்கு, கூப்பன் இல்லாத கடையில் வாங்கினோம் என்ற திருப்தியே இல்லாமல் போய்விட்டது. உங்கள் தம்பியின் பயத்தில் இந்த அளவுக்கு நியாயம் இருக்கிறது. அவர் சொல்லும் மருந்தோடுதான் எனக்கு உடன்பாடில்லை.

முதலில் நிறுத்த வேண்டியது ஒண்ணாம் தேதி ஆஃபர்

உங்கள் கடையில் நூறு ரூபாய் ஒட்டிய சேலையின் அடக்கம் சராசரியாக 68 ரூபாய் வருகிறது. ஜிஎஸ்டியை இப்போதைக்கு விட்டுவிடுவோம். மிஞ்சுவது 32. பத்து சதவீதம் தள்ளினால் மிஞ்சுவது 22. பழைய 32 ரூபாயைப் பார்க்க நீங்கள் ஏறக்குறைய ஒன்றரை சேலை விற்றாக வேண்டும். இருபது தள்ளினால் மிஞ்சுவது 12தான். அப்போது முன்பு ஒரு சேலை விற்ற இடத்தில் மூன்றுக்குச் சற்றுக் குறைவாக விற்க வேண்டும். "பத்து சதவீதம்தானே" என்று வாய் சொல்கிறது. அந்தப் பத்து விற்பனையிலிருந்து போவதில்லை, முப்பத்திரண்டிலிருந்து போகிறது.

இந்தக் கணக்கோடு ஒண்ணாம் தேதி ஆஃபரைப் பாருங்கள். அது வருவதற்கு முன், பண்டிகை இல்லாத ஒரு சாதாரண மாதத்தில் முதல் மூன்று நாள் விற்பனை சுமார் 2 லட்சம், மீதி நாட்களில் 11.5 லட்சம், மொத்தம் 13.5 லட்சம். ஆஃபர் வந்த பிறகு முதல் மூன்று நாளில் மூன்று லட்சம் மதிப்புள்ள துணி போகிறது, தள்ளுபடி போக கைக்கு வருவது 2.7 லட்சம். மீதி நாட்களின் விற்பனையோ 10.9 லட்சமாக இறங்கியிருக்கிறது. மொத்தம் 13.6 லட்சம். விற்பனை பத்தாயிரம் கூடியிருக்கிறது என்று உங்கள் தம்பி சொல்லலாம். ஆனால் துணியின் அடக்கத்தைக் கழித்துப் பார்த்தால், முன்பு மாதம் 4 லட்சத்து 32 ஆயிரம் நின்ற இடத்தில் இப்போது 4 லட்சத்து 15 ஆயிரம்தான் நிற்கிறது. மாதம் பதினேழாயிரம் நஷ்டம். இடையில் துணி விலையும் கொஞ்சம் ஏறியிருக்கும் என்பதால் உண்மை நிலை இதைவிடச் சற்று மோசமாகவே இருக்கும்.

நடந்தது இதுதான். இருபத்தைந்தாம் தேதிக்கு மேல் வாங்க வேண்டியவர்கள் "ஒண்ணாம் தேதி வரட்டும்" என்று தள்ளிப்போட்டிருக்கிறார்கள். அதுவும் சம்பளம் வருகிற நாட்கள், எப்படியும் கடைக்கு வருகிற நாட்கள். தானாக வருகிறவரை வாசலில் நின்று தள்ளுபடி கொடுத்து வரவேற்றிருக்கிறீர்கள். புதியவர்கள் வந்திருந்தால் மாதம் முழுக்கவே கூடியிருக்கும். கூடவில்லை. உங்களுக்குப் பில் போடும் பெண்ணிடமே கேட்டுப் பாருங்கள், மாதக் கடைசியில் "எப்பக்கா ஆஃபரு?" என்று எத்தனை பேர் கேட்கிறார்கள் என்று. அந்தக் கேள்வி காதில் விழத் தொடங்கினால், ஆஃபர் புது ஆட்களை இழுப்பதை விட்டுவிட்டு இருக்கிற ஆட்களைத் தாமதிக்க வைக்கிறது என்று அர்த்தம்.

இதை நிறுத்த நல்ல காலம் தையிலிருந்து வைகாசி வரை. கல்யாண முகூர்த்தங்கள், பிறகு பள்ளிச் சீருடை. மக்கள் தேதி பார்த்துக்கொண்டிருக்க முடியாத தேவைகள். "நிறுத்திவிட்டோம்" என்று போர்டு எதுவும் வைக்காதீர்கள். கேட்பவர்களுக்கு மட்டும், "இப்ப அது இல்லைங்கம்மா, ஆனா ஃபால்ஸ் அடிச்சு பீக்கோ போட்டு இங்கேயே தர்றோம்" என்று சொல்லச் சொல்லுங்கள். அந்த ஃபால்ஸ் விஷயத்துக்குப் பிறகு வருகிறேன்.

ஆடியைக் கைவிட வேண்டாம், சுருக்குங்கள்

ஆடியில் முகூர்த்தம் இல்லை. ஜூலை நடு முதல் ஆகஸ்ட் நடு வரை துணிக்கடையில் ஆள் நடமாட்டம் தானாகக் குறைகிற காலம். அதனால்தான் ஆடித் தள்ளுபடி இந்த மண்ணில் ஒரு வழக்கமாகவே நிலைத்துவிட்டது. மகள் சொல்வதற்காக அதை விட்டால், உங்கள் ஊர்க்காரர்கள் அந்த மாதம் 25 கிலோமீட்டர் பஸ் ஏறுவார்கள். அங்கே போய்ப் பழகியவர்கள் ஐப்பசியில் திரும்பி வருவார்கள் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

போன ஆடியில் 30 லட்சம் மதிப்புள்ள துணியை 24 லட்சத்துக்கு விற்றிருக்கிறீர்கள். அடக்கம் 20 லட்சத்து 40 ஆயிரம். மிச்சம் 3.6 லட்சம். அதில் ஆடி விளம்பரத்துக்கு ஒன்றரை லட்சம் போக 2.1 லட்சம். தள்ளுபடியும் விளம்பரமும் இல்லாமல் இதே 2.1 லட்சம் மிஞ்ச, ஆடியில் ஆறரை லட்சத்துக்கு விற்றாலே போதும். இதைப் பார்த்தால் ஆடியும் வீண் என்று தோன்றும். நான் அப்படிச் சொல்லமாட்டேன். ஆடியில் நடக்கிற முக்கியமான வேலை இந்தக் கணக்கில் வருவதில்லை. போன தீபாவளியில் தங்கிய பேட்டர்ன், மடிப்பில் நிறம் மங்கிய சேலை, அளவு உடைந்த சட்டைகள் எல்லாம் காசாகி, தீபாவளிக் கொள்முதலுக்குக் கையிலும் அலமாரியிலும் இடம் வருகிறது. வட்டிக்கு வாங்காமல் தீபாவளிச் சரக்கு எடுக்க முடிகிறதென்றால் அதற்கு ஆடிதான் காரணம்.

ஆகவே ஆடித் தள்ளுபடி இரண்டு வகைச் சரக்குக்கு மட்டும் இருக்கட்டும். ஒன்று, எட்டு மாதத்துக்கு மேல் கடையில் கிடக்கும் சரக்கு. இதற்கு இருபது என்ன, முப்பதும் கொடுங்கள். இரண்டாவது, ஆடிக்கென்றே ஈரோட்டிலும் சூரத்திலும் மலிவாக எடுத்து வருகிற சரக்கு. ரவிக்கைத் துணி, சீருடை, உள்ளாடை, வேட்டி, துண்டு இவற்றில் தள்ளுபடி வேண்டாம். ஆடியில் வேட்டி வாங்குபவர் தேவைக்கு வாங்குகிறார். தனி ரேக், தனி நிற டேக் போட்டுப் பிரித்து வையுங்கள், இல்லாவிட்டால் கவுண்டரில் தகராறு வரும். இப்படிச் செய்தால் ஆடித் தள்ளுபடி 6 லட்சத்திலிருந்து 4.5 லட்சத்துக்கு இறங்கும், பழைய சரக்கும் முன்பைவிட நன்றாகக் கரையும்.

எனக்கு இதில் சொந்த அனுபவம் உண்டு. முப்பது வயதில் நான் கொள்முதல் பார்த்த ஒரு கடையில், போட்டிக்கு முந்த வேண்டும் என்று ஆனி பத்தாம் தேதியே ஆடித் தள்ளுபடி போர்டைத் தூக்கினோம். ஆனி முகூர்த்தத்துக்குப் பட்டு எடுக்க வந்தவர்கள்கூட "பட்டுக்கு எவ்வளவு தள்ளுபடி?" என்றார்கள். முழு விலைக்குப் போயிருக்க வேண்டிய ஒரு மாதச் சரக்கை நாங்களே குறைத்துக் கொடுத்தோம். அந்த யோசனை என்னுடையது என்பதை முதலாளி பல வருடம் மறக்கவில்லை.

தீபாவளிக்கு வேறு கணக்கு. கடைசிப் பத்து நாளில் உங்கள் கடையில் வாடிக்கையாளர் பற்றாக்குறையா, எடுத்துக் காட்ட ஆள் பற்றாக்குறையா? ஏழு பேர் உள்ள கடையில் இரண்டாவதாகத்தான் இருக்கும். போனஸ் வாங்கியவர் அன்று வாங்கியே தீருவார். நிற்க இடமில்லாத கூட்டத்துக்குப் பத்து சதவீதம் தள்ளுவது வீண். அந்த ஆஃபரைத் தீபாவளிக்கு முப்பது நாள் முன்பு தொடங்கி, பத்து நாள் இருக்கும்போது முடித்துவிடுங்கள். அவசரமில்லாதவர்கள் முன்னால் வருவார்கள், கடைசி வாரத்தில் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பிப் போகிறவர்கள் குறைவார்கள். தள்ளுபடித் தொகையும் 3.5 லட்சத்திலிருந்து ஒன்றரை லட்சத்துக்கு வரும். பொங்கலை இந்த வருடம் தொடாதீர்கள். எல்லாவற்றிலும் ஒரே நேரத்தில் கைவைத்தால் எது என்ன விளைவைத் தந்தது என்று பிறகு பிரித்துப் பார்க்க முடியாது.

தம்பியின் யோசனைகள் பற்றி

விலையை ஏற்றி ஒட்டி 50 சதவீதம் என்று போடுவது, சாதாரணமாக விற்ற விலையைப் பற்றி வாடிக்கையாளரைத் தவறாக நம்ப வைப்பது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் நியாயமற்ற வணிக நடைமுறை என்று சொல்லப்பட்டவற்றில் இதுவும் ஒன்று. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வாங்கியவர் புகார் கொடுக்கலாம். சட்டத்தைவிட எனக்குப் பெரிதாகத் தெரிவது உங்கள் ஊரின் அளவு. போன மாதம் 600 ரூபாய்க்கு வாங்கிய நைட்டி செட் இன்று "1,100, பாதி விலை 550" என்று தொங்குவதைப் பார்த்தவர் மாலைக்குள் தெருவுக்கே சொல்லிவிடுவார். பைக் குலுக்கலும் அதே சட்டத்தில் சிக்கும், விற்பனையைப் பெருக்க நடத்தும் அதிர்ஷ்டக் குலுக்கலும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. வக்கீலைக் கேட்காமல் இறங்க வேண்டாம்.

எவர்சில்வர் டப்பா பற்றி உங்கள் ஆடிட்டரிடம் ஒன்று கேளுங்கள். இலவசப் பரிசாகக் கொடுக்கும் பொருளுக்கு நீங்கள் கட்டிய ஜிஎஸ்டியை உள்ளீட்டு வரிக் கழிவாக எடுக்க முடியாது. எடுத்திருந்தால் திருப்ப வேண்டும். பில்லில் காட்டிக் கொடுக்கும் தள்ளுபடிக்கு இந்தச் சிக்கல் இல்லை, தள்ளுபடி போன தொகைக்குத்தான் வரி. பலர் இதைக் கவனிப்பதில்லை.

உங்கள் பிராண்டு ரவிக்கைத் துணி அலமாரியில் இருக்கிறது

பிராண்டு என்றதும் லோகோவை மாற்றுவது, கேபிள் டிவியில் பாட்டு போடுவது என்று நினைத்துக்கொள்கிறார்கள். உங்கள் அளவுக் கடைக்கு அதற்கு ஒரே பொருள்தான் உண்டு. ஆஃபர் எதுவும் இல்லாத ஒரு செவ்வாய்க்கிழமை, என்ன தேவை வந்தால் ஊர்க்காரருக்கு உங்கள் கடைப் பெயர் முதலில் நினைவுக்கு வருகிறது? உங்கள் கடிதத்தின் ஒரு வரியில் அதற்கு விடை இருந்தது. பக்கத்து ஊரிலிருந்து கையில் சேலையோடு மேட்சிங் தேடி வருகிறார்கள். தள்ளுபடி கேட்டு வரவில்லை, நிறம் கிடைக்கும் என்ற நம்பிக்கையில் வருகிறார்கள். பெரிய கடையில் சேலை வாங்கியவர்கூட டூ பை டூ ரூபியா தேடி உங்களிடம் வருகிறார் என்றால், போட்டிக்காரர் உங்களுக்கு ஆள் அனுப்புகிறார்.

பில் 150 ரூபாய்தான், உண்மை. ஆனால் பில்லில் உள்ள போன் எண்களைப் பாருங்கள். நீங்கள் அனுப்பிய சுருக்கத்திலேயே, வருடத்தில் ஆறு முறைக்கு மேல் வந்தவர்களில் பெரும்பாலோரின் முதல் பில் ரவிக்கைத் துணி, லைனிங், ஃபால்ஸ் இவற்றில் ஒன்று. தம்பி அவரைத் தலைவலி என்கிறார். தீபாவளிக்குக் குடும்பத்தோடு வந்து எட்டாயிரத்துக்கு எடுப்பவரும் அவர்தான்.

ஆகவே பிராண்டுப் பணத்தை இந்த அலமாரியைச் சுற்றிப் போடுங்கள். ஊரிலும் சுற்றுக் கிராமங்களிலும் உள்ள நாற்பது லேடீஸ் டெய்லர்களுக்கு உங்கள் கடைப் பெயர் போட்ட ஷேடு கார்டு கொடுங்கள். துணித் துண்டு ஒட்டி, ஒவ்வொன்றுக்கும் எண் போட்டது. ரவிக்கை தைக்கக் கொடுக்கும்போது "இந்த 47ஆம் நம்பர் வாங்கிட்டு வாங்க" என்று டெய்லர் சொன்னால், அதைவிட நல்ல விளம்பரம் இல்லை. அறுபதாயிரம் ஆகும். கார்டில் உள்ள எந்த எண்ணும் கடையில் தீரக்கூடாது என்பதுதான் இதில் கடினமான பகுதி. மூன்று முறை இல்லை என்று சொன்னால் டெய்லர் கார்டை மடித்து வைத்துவிடுவார்.

ஃபால்ஸ், பீக்கோவைக் கடையிலேயே அன்றே செய்துகொடுக்க ஒரு மெஷினும் ஒரு பெண்மணியும். வாங்கும் கூலி போக உங்கள் கையிலிருந்து மாதம் பத்தாயிரம் என்று வைத்துக்கொள்ளுங்கள், வருடம் 1.2 லட்சம். பஸ் வரும் சாலைகளில் பத்துப் பன்னிரண்டு சுவர்களில், சுவர்க்காரரிடம் எழுத்தில் அனுமதி வாங்கி, ஒரே நிறத்தில் ஒரே வாசகம்: கடைப் பெயர், "மேட்சிங் ரவிக்கைத் துணி", அவ்வளவுதான். சதவீதம் எதுவும் எழுதக்கூடாது. சுமார் ஒரு லட்சம். ஃபிளெக்ஸ் ஒவ்வொரு ஆஃபருக்கும் மாறும், அனுமதி இல்லாமல் வைத்தால் கிழிபடும். சுவர் மூன்று வருடம் பேசும். தினமும் ஒரு சேலையும் அதற்குப் பொருந்திய துணியும் படம் எடுத்து வாட்ஸ்அப்பிலும் இன்ஸ்டாகிராமிலும் போட ஐம்பதாயிரம். இதை மகள் பார்த்துக்கொள்ளட்டும். வாட்ஸ்அப் பிராட்காஸ்ட் பட்டியல் ஒன்றில் 256 பேர்தான், அதுவும் உங்கள் எண்ணைச் சேமித்தவருக்கு மட்டுமே போய்ச் சேரும். அதனால் பில் போடும்போதே எண்ணைச் சேமிக்கச் சொல்ல வேண்டும். சாயம் போனால் மாற்றித் தருகிறோம் என்று பில்லில் அச்சடித்து, அதற்கென முப்பதாயிரம் ஒதுக்குங்கள். காலண்டரும் பையும் பழையபடி 90 ஆயிரம். எல்லாம் சேர்த்து 4.5 லட்சம்.

மறுபக்கம் ஆடி, தீபாவளி, பொங்கல் தள்ளுபடி 7.2 லட்சம், அவற்றைச் சொல்லும் விளம்பரம் 2 லட்சம், டப்பாவைக் குறைத்து 60 ஆயிரம். மொத்தத் திட்டம் 14.3 லட்சம், அதில் கடையின் பெயரை வளர்க்கச் செலவாவது நூற்றுக்கு முப்பது. போன வருடச் செலவோடு ஒப்பிட்டால் 5 லட்சம் மிச்சமாகத் தெரிகிறது. அதை எடுத்துச் செலவழிக்க வேண்டாம். தள்ளுபடி குறையும்போது சில பில்கள் நின்றுபோகும், அந்த மிச்சம் அப்படியே கைக்கு வராது. அந்தப் பள்ளத்தை நிரப்பத்தான் அது.

எதைப் பார்த்துத் தெரிந்துகொள்வது

முதல் ஆறு மாதம் பெரிதாக எதுவும் தெரியாது. மொத்த விற்பனை சில மாதம் சற்று இறங்கவும் செய்யலாம். அப்போது தம்பி "நான் அப்பவே சொன்னேன்" என்பார், கை தானாகப் போர்டை எடுக்கும். அதனால் எதைப் பார்ப்பது என்று இருவரும் இப்போதே உட்கார்ந்து பேசிக்கொள்ளுங்கள். விற்பனையைப் பார்க்காதீர்கள், அடக்கம் போக நிற்கும் தொகையைப் பாருங்கள். தொடர்ந்து மூன்று மாதம் அது போன வருடத்தைவிடப் பத்து சதவீதத்துக்கு மேல் குறைந்தால் மட்டும் திட்டத்தை மறுபடி திறக்கலாம்.

போன வருடத்தோடு ஒப்பிடும்போது ஒரு பொறி உண்டு. தீபாவளி 2024ல் அக்டோபர் 31, 2025ல் அக்டோபர் 20, 2026ல் நவம்பர் 8. அக்டோபரை அக்டோபரோடு வைத்துப் பார்த்தால் ஒரு வருடம் கடை பறப்பது போலவும் இன்னொரு வருடம் படுத்துவிட்டது போலவும் தெரியும். இந்தத் தீபாவளிக்கு முந்தைய முப்பது நாளைப் போன தீபாவளிக்கு முந்தைய முப்பது நாளோடு வையுங்கள். ஆடிக்கு இந்தத் தொந்தரவு இல்லை, அது தேதியில் அவ்வளவாக நகர்வதில்லை.

இன்னொரு எண் மாதாமாதம் ஒரு நோட்டில் எழுதுங்கள்: ஆஃபர் இல்லாத நாட்களில் முழு விலைக்குப் போன பில்கள் எத்தனை, அதில் முதல்முறை வந்த போன் எண்கள் எத்தனை. பெயர் வேலை செய்கிறதா என்பதை இதுதான் முதலில் காட்டும், ஏழெட்டு மாதத்தில். அது ஏறி, தள்ளுபடி இல்லாத ரவிக்கைத் துணிப் பகுதியில் விற்ற மீட்டர் கணக்கும் ஏறினால், அடுத்த வருடம் பொங்கல் பத்து சதவீதத்தைத் தொடலாம். ஏறாவிட்டால் ஷேடு கார்டு டெய்லர் கையில் இருக்கிறதா, பெட்டியில் இருக்கிறதா என்று நேரில் போய்ப் பாருங்கள். பெரும்பாலும் கோளாறு அங்கேதான் இருக்கும்.

திட்டத்தை எழுதும் தாளில் தள்ளுபடியை முதல் வரியாகப் போடுங்கள், விளம்பரம் அதற்குக் கீழே வரட்டும். வரும் ஆடிக்கு எட்டு மாதத்துக்கு மேல் பழைய சரக்குப் பட்டியல் வைகாசிக்குள் தயாராக வேண்டும். அந்தப் பட்டியலைத் தம்பியிடம் கொடுங்கள். சரக்கைத் தள்ளுவதில் அவருக்குக் கை வந்திருக்கிறது என்பது உங்கள் பில்களிலேயே தெரிகிறது.